“ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி என்னைக் குறை சொல்லாதே”: காதலனுக்கு அந்தச் செய்தியை எழுதுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

கோவை பீளமேட்டில், வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் ஆறு வருஷம் இருந்தேன். அங்கே வயதில் மூத்தவள் நான்தான். அதனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் “அக்கா, இதை அனுப்பலாமா, கொஞ்சம் பாருங்க” என்று போனை நீட்டுகிறவர்கள் உண்டு. லீவு கேட்கும் மெயில், வீட்டு ஓனருக்கு எழுதும் செய்தி என்று எல்லாம் வரும். அதிகம் திணறியது ஒன்றில்தான்: நாலு பேர் முன்னாடி என்னை மட்டம் தட்டாதே என்று காதலனிடம் கேட்கும் செய்தி.

கேட்க வேண்டியது ஒரே ஒரு வரி. ஆனால் அந்த வரி அவனிடம் போய்ச் சேராமல், சண்டை மட்டும் போய்ச் சேர்ந்ததைத்தான் அதிகம் பார்த்தேன். பெரும்பாலும் வரிசைதான் தப்பு. மனசில் இருப்பதையெல்லாம் முதலில் கொட்டிவிடுகிறார்கள். என்ன கேட்கிறோம் என்பதைக் கடைசியில் தேடுகிறார்கள், அதற்குள் கை ஓய்ந்துவிடுகிறது. இங்கே அதைத் திருப்பிப் போட்டிருக்கிறேன்.

ஒரு பெண்ணின் செய்தியை உதாரணமாக வைத்தே போகிறேன். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்தது இதுதான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவள், அவன், அவனுடைய கல்லூரி நண்பர்கள் மூன்று பேர், ஆக ஐந்து பேர் டிபன் சாப்பிடப் போனார்கள். பில் 860 ரூபாய். அவள் போனில் கணக்குப் போட்டு “ஆளுக்கு 215” என்றாள். தன்னை எண்ண மறந்து நாலால் வகுத்துவிட்டாள். 172 வர வேண்டும். அவன் பில்லைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, “இவகிட்ட கணக்கு குடுத்தா கடையையே எழுதிக் குடுத்துட்டுதான் வரணும். இதுல எம்.காம் வேற” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வண்டியில் திரும்பும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. விடுதிக்கு வந்து முப்பது வரி எழுதிவிட்டு என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

1. இது செய்தியால் தீருகிற விஷயமா என்று முதலில் பாருங்கள்

எழுத உட்காரும் முன் ஒரே ஒரு கேள்வி: இதைப் படித்ததும் அவன் என்ன செய்வான்?

“கோபப்படுவான்”, “ரெண்டு நாள் பேசமாட்டான்”, “கிண்டல் பண்ணுவான்” என்று பதில் வந்தால் மேலே போகலாம். அதெல்லாம் கஷ்டம்தான், ஆனால் தாங்கக்கூடியது.

“என்ன செய்வானோ தெரியலக்கா” என்று வந்தால் எழுத வேண்டாம். கை ஓங்குகிறவன், உங்கள் போனைத் தினமும் வாங்கிப் பார்க்கிறவன், போட்டோவை வெளியில் விடுவேன் என்று மிரட்டியவன், இவர்களுக்கு எழுத்தில் கொடுக்கும் குறை எரிகிற அடுப்பில் ஊற்றும் எண்ணெய். அங்கே முதல் வேலை நம்பிக்கையான ஒருவரிடம் நேரில் சொல்வது. பெண்களுக்கான உதவி எண் 181 இருக்கிறது, ராத்திரியிலும் எடுப்பார்கள்.

இந்தக் கேள்வியை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. நல்ல செய்தியாக எழுதி முடித்துவிட்டால் அதை அனுப்பாமல் இருக்க மனசு வராது. எழுதும் முன்பே கேட்டுக்கொள்வதுதான் சுலபம்.

2. சொன்ன வார்த்தையை அன்றைக்கே எழுதுங்கள், செய்தியை மறுநாள் எழுதுங்கள்

இரண்டும் வேறு வேறு வேலை. எல்லோரும் இரண்டையும் ஒரே ராத்திரியில் செய்யப் பார்க்கிறார்கள்.

அன்றைக்கு ராத்திரி எழுத வேண்டியது நாலே நாலு: எங்கே, யார் யார் இருந்தார்கள், அவன் சொன்ன வார்த்தை அப்படியே, நீங்கள் என்ன செய்தீர்கள். அவ்வளவுதான். உங்கள் வருத்தம் இதில் வேண்டாம்.

வார்த்தையை அப்படியே பிடித்து வைக்கச் சொல்வது ஏன் என்றால், விடிவதற்குள் அது மாறிவிடும். அந்தப் பெண்ணே ஞாயிறு காலை என்னிடம் “நான் படிச்சதே வேஸ்ட்டுன்னு சொன்னான்க்கா” என்றாள். அவன் அப்படிச் சொல்லவில்லை. அவள் காதில் அப்படி விழுந்தது. அதை அப்படியே அனுப்பியிருந்தால் “நான் எப்ப அப்படிச் சொன்னேன்?” என்பதிலேயே ஒரு வாரம் போயிருக்கும். அதில் அவன் பக்கம்தான் நியாயமும் இருந்திருக்கும்.

உங்கள் பக்கத் தப்பு ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்தே எழுதுங்கள். நாலால் வகுத்தது நிஜம். அதைப் பின்னால் செய்தியில் பயன்படுத்தப் போகிறோம்.

எழுதும் இடமும் முக்கியம். அவனுடைய சாட் பெட்டியில் தட்டவே தட்டாதீர்கள். கை தவறிப் போய்விடும் என்பது ஒன்று. அரைமணி நேரமாக நீங்கள் தட்டித் தட்டி அழிப்பது அவன் திரையில் தெரிந்துகொண்டே இருக்கும் என்பது இன்னொன்று. செய்தி போவதற்குள் அவன் பயந்தோ கடுப்பாகியோ தயாராகிவிடுவான். வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொள்ளும் சாட் இருக்கிறதே, அதில் எழுதுங்கள். இல்லையென்றால் போனில் இருக்கும் நோட்ஸில்.

3. கலாய்த்தானா, மட்டம் தட்டினானா?

நம் பிள்ளைகள் கூடும் இடத்தில் கலாய்க்காமல் இருப்பதில்லை. அதையே நிறுத்தச் சொன்னால் அவனுக்குப் புரியாது, உங்களுக்கும் அந்தக் கூட்டத்தில் போரடிக்கும். எது வலித்தது என்று பிரித்து எடுத்தால்தான் எதை நிறுத்தச் சொல்வது என்று தெரியும்.

நான் கேட்கச் சொல்கிற கேள்விகள் இரண்டு. அந்தப் பேச்சு எல்லோர் பக்கமும் சுற்றி வருகிறதா, அல்லது உங்கள் பக்கமே நின்றுவிடுகிறதா? இது ஒன்று. உங்கள் அம்மா அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தால் அதைச் சொல்லியிருப்பானா? இது இரண்டு. அம்மா எதிரிலும் சொல்லக்கூடியது என்றால் அது கலாய்ப்பு. அம்மா இருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பான் என்றால், அது வலிக்கும் என்று அவனுக்கே எங்கேயோ தெரிந்திருக்கிறது.

இந்த அளவுகோலை வைத்து அவன் சொன்னதை இரண்டாக உடைத்தோம். “கடையையே எழுதிக் குடுக்கணும்” என்பது கலாய்ப்பு. யார் தப்பாகக் கூட்டினாலும் அந்தக் கூட்டம் அதைத்தான் சொல்லும். “இதுல எம்.காம் வேற” என்பது அப்படியல்ல. அந்த “வேற” என்ற ஒரு சொல்தான் முள். கணக்கு தப்பாகப் போன ஒரு நிமிஷத்தை விட்டுவிட்டு அவள் ஐந்து வருஷம் படித்ததில் கை வைத்தது அதுதான். அவளுக்கே அப்போதுதான் புரிந்தது. அதுவரை “எல்லாமே வலிச்சுது” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதே இடத்தில் இன்னொன்றும் கேட்டுவிட வேண்டும், கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கும்: அதே நண்பர்கள் முன்னால் நீங்கள் அவனை எதுவும் சொல்லியிருக்கிறீர்களா? இவள் சொல்லியிருந்தாள். “மூணு வருஷமா அதே நீலச் சட்டை. நான் வாங்கிக் குடுத்தாத்தான் உண்டு” என்று. அவன் சிரித்துவிட்டுப் போனான். அது ஞாபகம் இல்லாமல் அனுப்பியிருந்தால் முதல் பதிலே நீலச் சட்டையாகத்தான் இருந்திருக்கும்.

4. கேட்பதை முதலில் எழுதுங்கள்

செய்தியின் கடைசியில் வர வேண்டிய வரியை முதலில் எழுதுங்கள். அது இல்லாமல் மற்றதை எழுதினால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. முப்பது வரி வருவது அதனால்தான்.

முதலில் எல்லோரும் எழுதுவது “என்னை மரியாதையா நடத்து”, “என் ஃபீலிங்ஸைப் புரிஞ்சுக்கோ”. நியாயமான ஆசைதான். ஆனால் அடுத்த சனிக்கிழமை அதே மேஜையில் உட்காரும்போது அவன் என்ன செய்ய வேண்டும் என்று இதில் இல்லை. சரி என்று மனசாரச் சொல்லிவிட்டு அதையே திரும்பச் செய்வான். கேட்டால், மரியாதையாகத்தானே இருந்தேன் என்பான். அவன் கணக்கில் அது பொய்யும் இல்லை.

நான் வைக்கிற சோதனை இது: தள்ளி உட்கார்ந்து பார்க்கிற ஒருவரால், அவன் செய்தானா இல்லையா என்று சொல்ல முடிய வேண்டும். “புரிந்துகொண்டானா” என்று யாராலும் பார்க்க முடியாது. “அங்கே சொல்லாமல் விட்டானா” என்று பார்க்க முடியும்.

அவளோடு உட்கார்ந்து எழுதிய வரி: “என்கிட்ட எது தப்பா பட்டாலும் சொல்லு. ஆனா அவங்க முன்னாடி வேணாம். வண்டில வரும்போது சொல்லு, கேட்டுக்கறேன்.”

இதில் குறையே சொல்லாதே என்று கேட்கவில்லை. இடத்தை மட்டும் மாற்றச் சொல்கிறோம். வாயை மூடு என்று சொன்னால் எவனுக்கும் ரோஷம் வரும். இங்கே சொல்லாதே, அங்கே சொல் என்றால், சொல்ல ஓர் இடம் கையில் கிடைக்கிறது. மனசில் வந்ததை அடக்கி வைப்பதை விட பத்து நிமிஷம் தள்ளிப் போடுவது எவருக்கும் சுலபம்.

இரண்டாவது கோரிக்கையைச் சேர்க்காதீர்கள். முக்கியமாக, “அவங்க முன்னாடியே எனக்கு சாரி சொல்லு” என்று கேட்காதீர்கள். நண்பர்கள் முன்னால் தலைகுனிவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்ததால்தான் இந்தச் செய்தியே எழுதுகிறீர்கள்.

5. முதல் வரைவை எழுதி, வெட்டுங்கள்

இப்போது மனசில் இருப்பதைக் கொட்டலாம். அனுப்புவதற்கு அல்ல, வெட்டுவதற்கு. அவளுடைய முப்பது வரியில் நடுப்பகுதி இப்படி இருந்தது:

“நீ எப்பப் பாத்தாலும் என்னை எல்லார் முன்னாடியும் அசிங்கப்படுத்துற. ஊட்டி போனப்பவும் இப்படித்தான் பண்ண. உனக்கு உன் ஃப்ரெண்ட்ஸ் சிரிக்கணும், அவ்ளோதான். நான் என்ன உனக்கு ஜோக்கரா? என் ரூம்மேட் கூட கேக்கறா, எப்படிடி இவன்கூட இருக்கேன்னு. நான் வேணாம்னா நேரா சொல்லிடு.”

ஒவ்வொன்றாக எடுத்தோம்.

“எப்பப் பாத்தாலும்” முதலில் போக வேண்டும். இதைப் படித்ததும் அவன் மூளை செய்கிற வேலை, அப்படிச் செய்யாத ஒரு நாளைத் தேடுவது. கிடைத்துவிடும். “உன் பர்த்டே அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உன்னைப் பத்தி எவ்ளோ பேசினேன்?” என்பான். பேச்சு பிறந்தநாளுக்குப் போய்விடும்.

ஊட்டியும் போக வேண்டும். ஊட்டியில் நடந்தது உண்மைதான். ஆனால் இரண்டு சம்பவம் எழுதினால், எதில் பிடி தளர்வாக இருக்கிறதோ அதற்குத்தான் பதில் வரும். இப்போது நடந்த ஒன்று போதும்.

“உனக்கு உன் ஃப்ரெண்ட்ஸ் சிரிக்கணும், அவ்ளோதான்” என்பது அவன் மனசுக்குள் புகுந்து நீங்கள் எழுதும் வரி. அது சரியாகவே இருக்கலாம். இருந்தாலும் அவன் இல்லை என்று சொன்னால் உங்களிடம் ஆதாரம் கிடையாது. அவன் வாயிலிருந்து வந்ததை எழுதுங்கள், மனசில் இருந்ததை விட்டுவிடுங்கள்.

“நான் என்ன ஜோக்கரா?” என்பது கேள்வி மாதிரி இருக்கும் அடி. இதற்குப் பதில் சொல்ல முடியாது, திருப்பி அடிக்கத்தான் முடியும். “ஏன் இப்படிப் பண்ற?” என்பதும் அதே ரகம். ஏன் என்று கேட்டால் காரணம் வரும், காரணம் சொன்னால் சண்டை வரும். கேள்விக்குறி வரும் வரிகளை எல்லாம் ஒருமுறை தனியாகப் பாருங்கள்.

ரூம்மேட்டை உள்ளே கொண்டுவந்தால் செத்தது. நாலு பேர் முன்னால் என்னைப் பேசாதே என்று கேட்கிற செய்தியிலேயே, நாலு பேரிடம் அவனைப் பேசியிருக்கிறோம் என்று நாமே எழுதிக் கொடுக்கிறோம்.

“வேணாம்னா சொல்லிடு” என்பதை நிஜமாகவே பிரியத் தயாராக இருந்தால் மட்டும் எழுதலாம். மிரட்டலுக்காக எழுதினால், கணக்கும் எம்.காமும் மறந்துபோய், பிரிகிறோமா இல்லையா என்பதே பேச்சாகிவிடும்.

எல்லாவற்றையும் வெட்டிய பிறகு திரையைப் பார்த்தோம். “எல்லார் முன்னாடியும்” என்ற இரண்டு சொல் மட்டும் மிச்சம் இருந்தது. முப்பது வரியில் சனிக்கிழமை என்ன நடந்தது என்பதே இல்லை. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சின்னச் சின்னச் சொற்களையும் ஒரு கண் பாருங்கள். தமிழில் குத்தல் பெரும்பாலும் வாலில் இருக்கும்: “கூட”, “தானே”, “வேற”, “அதுவும்”. “ஒரு சாரி கூட சொல்லல”, “உனக்குத் தெரியும்தானே” என்றெல்லாம் நம்மை அறியாமல் எழுதிவிடுவோம். அவன் சொன்ன “வேற” வலித்தது என்று எழுதும் செய்தியில் நாம் நாலு “வேற” வைக்கக் கூடாது.

6. மீண்டும் கட்டுங்கள்

இனி சேர்க்க வேண்டியவை நம் கையில் இருக்கின்றன: ராத்திரி எழுதிய நாலு குறிப்பு, உடைத்து எடுத்த முள், கேட்கும் வரி. அவள் கடைசியில் அனுப்பியது இதுதான்:

“டேய், நேத்து டிபன் கடையில நடந்ததைப் பத்தி ஒண்ணு சொல்லணும். சண்டை போட இல்ல.

பில்லை நாலால வகுத்தது என் தப்புதான். நீ திருத்தினதும் கலாய்ச்சதும் பரவால்ல. ஆனா ‘இதுல எம்.காம் வேற’ன்னு சொன்னது ரொம்பக் குத்துச்சு. அவங்க மூணு பேருக்கும் என்னை உன் மூலமாத்தான் தெரியும். நீ என்ன சொல்றியோ அதுதான் அவங்களுக்கு நான்.

நானும் சிரிச்சேன். அங்க வேற என்ன பண்றதுன்னு தெரியல, அதான்.

என்கிட்ட எது தப்பா பட்டாலும் சொல்லு. ஆனா அவங்க முன்னாடி வேணாம். வண்டில வரும்போது சொல்லு, கேட்டுக்கறேன். நானும் உன் நீலச் சட்டையை அவங்க முன்னாடி கிண்டல் பண்ணேன், இனி பண்ண மாட்டேன்.

இப்பவே ரிப்ளை பண்ணணும்னு இல்ல. நாளைக்குப் பாக்கும்போது பேசலாம்.”

“டேய்” என்று ஆரம்பித்ததற்குக் காரணம், அவள் தினமும் அப்படித்தான் கூப்பிடுவாள். கோபம் வந்ததும் சிலர் முழுப் பெயரைப் போடுவார்கள், சிலர் திடீரென்று “நீங்க” என்பார்கள். அதைப் பார்த்ததுமே அவன் கேடயத்தைத் தூக்கிவிடுவான். நல்ல நாளில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே கூப்பிடுங்கள்.

தன் தப்பை அவளே முதலில் சொல்லிவிட்டதால், கணக்கு தப்பா சரியா என்ற வாதத்துக்கே இடமில்லை. “கலாய்ச்சது பரவால்ல” என்றதால், எதை நிறுத்த வேண்டும், எதை நிறுத்த வேண்டாம் என்று அவனுக்குத் தெரிகிறது.

இந்தச் செய்தியில் எனக்கு மிகவும் பிடித்த வரி “நானும் சிரிச்சேன்”. இந்த மாதிரிச் செய்திகளுக்கு வரும் பதிலில் பாதி “நீயும்தானே சிரிச்ச?” என்பதில்தான் ஆரம்பிக்கும். சபையில் அடி வாங்கினவர் சிரிப்பது வழக்கம்தான், அழ முடியாதே. ஆனால் அவனுக்கு அது தெரியாது. சிரித்ததால் அவளுக்கு ஒன்றுமில்லை என்றே நினைத்திருப்பான். அவளாகவே முந்திக்கொண்டு சொன்னதால் அந்தக் கதவு மூடிவிட்டது.

நீலச் சட்டை வரியை அவள் கடைசி வரை எடுக்கச் சொன்னாள். “அவன் பண்ணதுக்கு நான் ஏன்க்கா மன்னிப்பு கேக்கணும்?” என்றாள். அது மன்னிப்பு அல்ல, ஒப்பந்தம். அவனிடம் கேட்பதை நீங்களும் செய்கிறீர்கள் என்று தெரிந்தால், தோற்றுப்போன மாதிரி இல்லாமல் அவன் ஒப்புக்கொள்ளலாம். உங்கள் பக்கம் அப்படி எதுவும் இல்லையென்றால் இந்த வரி தேவையில்லை. இல்லாததை உருவாக்க வேண்டாம்.

சிரிக்கும் பொம்மை எதையும் கடைசியில் ஒட்டாதீர்கள். பயத்தில் விரல் தானாக அங்கே போகும். “ரொம்பக் குத்துச்சு” என்று எழுதிவிட்டுச் சிரிக்கும் முகம் வைத்தால், சனிக்கிழமை சிரித்த அதே சிரிப்பைத்தான் திரும்பவும் செய்கிறீர்கள்.

வாய்ஸ் நோட் அனுப்பலாமா என்று கேட்பார்கள். நான் எழுத்தைத்தான் சொல்வேன். குரல் உடைந்தால் அவன் அழுகைக்குச் சமாதானம் சொல்வான், கேட்டதற்குப் பதில் சொல்ல மாட்டான். எழுத்தை ராத்திரி இன்னொருமுறை படிக்கலாம். ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: அதில் வலியையும் வழியையும் பலர் ஒரே மாதிரிதான் தட்டுவார்கள். சந்தேகம் வரும் சொல்லை மாற்றுங்கள், அல்லது இந்த ஒரு செய்தியை மட்டும் தமிழிலேயே தட்டுங்கள்.

எழுதி முடித்ததும் அறையில் ஒருமுறை சத்தமாகப் படியுங்கள். மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியம் நீளம். குரல் ஏறுகிற இடத்தில் இன்னும் ஒரு குத்தல் ஒளிந்திருக்கிறது.

7. எப்போது அனுப்புவது

அவன் தனியாக இருக்கும் நேரம், வேலை இல்லாத நேரம், அடுத்த சந்திப்புக்கு முன் ஒரு ராத்திரியாவது இடைவெளி. இந்த மூன்றும் சேர வேண்டும். அவள் ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு அனுப்பினாள். அவன் வீட்டில் இருப்பான் என்று தெரியும், திங்கள் சாயங்காலம் பார்ப்பதாக இருந்தது.

ராத்திரி பதினொன்றுக்கு மேல் வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் படித்து, அதே கலக்கத்தில் பதில் போடுவான். அதே நண்பர்களோடு அவன் உட்கார்ந்திருக்கும்போதும் வேண்டாம், “என்னடா ஆச்சு?” என்று மூன்று தலை எட்டிப் பார்க்கும்.

அனுப்பும் முன் மேலே பெயரைப் பாருங்கள். நண்பர்கள் குரூப்பில் போய் விழுந்த செய்தி ஒன்றை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அழித்தாலும், இங்கே ஒரு செய்தி அழிக்கப்பட்டது என்ற தடம் நிற்கும். சின்னப் பிழை என்றால் வாட்ஸ்அப்பில் 15 நிமிஷத்துக்குள் திருத்தலாம், ஆனால் திருத்தியது அவனுக்குத் தெரியும். அதனால் எழுத்துப்பிழையை மட்டும் திருத்துங்கள், கருத்தைத் திருத்தாதீர்கள்.

அனுப்பிய பின் போனைக் கவிழ்த்து வையுங்கள். நீல டிக் விழுந்து பதில் வராத அரைமணி நேரத்தில்தான் “என்ன, பதிலே இல்ல?” என்ற இரண்டாவது செய்தி போகும். முதல் செய்தியில் அவசரமில்லை என்று எழுதியதை அது அழித்துவிடும். ஸ்டேட்டஸில் சோகப்பாட்டும் வேண்டாம். அந்த மூன்று நண்பர்களும் அதைப் பார்ப்பார்கள்.

8. பதில் வந்ததும்

அவளுக்கு இருபது நிமிஷத்தில் வந்தது: “ஏய் லூசு, சும்மா ஜாலிக்கு சொன்னேன். அவனுங்க அப்பவே மறந்திருப்பானுங்க.”

இந்தப் பதில் வந்தால் பெரும்பாலானவர்கள் ஜாலியா இல்லையா என்று வாதாடப் போவார்கள். வேண்டாம். ஜாலிக்குச் சொன்னதை ஜாலி என்றே ஒப்புக்கொண்டு, கேட்டதை இன்னொருமுறை அங்கேயே வையுங்கள். அவள் எழுதியது: “ஜாலிக்குத்தான்னு தெரியும். எனக்கு ஜாலியா இல்ல. வண்டில சொல்லுன்னு கேட்டேனே, அது ஓகேவா?”

நாற்பது நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு “ம். சரி.”

அவள் முகம் சுருங்கிவிட்டது. இவ்வளவு எழுதினதுக்கு இதுதானா என்று. ஆனால் கேட்டது ஒரு விஷயம், அதற்குச் சரி என்று வந்துவிட்டது. அதைத் தோண்டி உருக்கமான வார்த்தையை எடுக்கப் பார்த்தால், கிடைத்த சரியும் போய்விடும். “தேங்க்ஸ் டா” என்று முடித்துக்கொண்டாள்.

“யாரு எழுதிக் குடுத்தா?” என்று வந்தால் பொய் சொல்ல வேண்டாம். “அக்கா ஒருத்தங்ககிட்ட காட்டினேன், ஆனா வலிச்சது எனக்குத்தான்” என்றால் போதும். உங்கள் குறைகளாக ஒரு பட்டியல் வந்தால் ஒவ்வொன்றுக்கும் பதில் தட்டாதீர்கள். “இதையெல்லாம் நாளைக்கு நேர்ல சொல்லு, கேக்கறேன்” என்று எழுதிவிட்டு, நாளைக்கு நிஜமாகவே கேளுங்கள். தனியாகச் சொன்னால் கேட்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அதை முதலில் காப்பாற்ற வேண்டியது நீங்கள்.

9. அடுத்த சந்திப்பு

செய்தி வேலை செய்ததா என்பது பதிலில் தெரியாது, அதே கூட்டத்தோடு அடுத்தமுறை உட்காரும்போதுதான் தெரியும்.

முதல் முறை வாய் தவறும். பழக்கம் அப்படி. அதற்கு நேரில் பேசும்போதே ஒரு சொல்லைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இவர்கள் வைத்துக்கொண்டது “அப்புறம்”. அவன் ஆரம்பித்தால் அவள் சாதாரணமாக “அப்புறம்” என்பாள். மற்றவர்களுக்கு ஒன்றும் புரியாது, அவனுக்கு மட்டும் புரியும். காலை மிதிப்பது, முறைப்பது எல்லாம் வேண்டாம். அது நண்பர்கள் கண்ணில் பட்டால் அதுவே அடுத்த ஜோக்.

அடுத்த சனிக்கிழமை அவன் “இவளுக்கு ஒண்ணு...” என்று ஆரம்பித்து நிறுத்தினானாம். “என்னடா?” என்று ஒருவன் கேட்க, “ஒண்ணுமில்ல, சட்னி எடு” என்றானாம். அவள் அந்தச் சொல்லைச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

அப்படி நடந்தால் வண்டியில் வரும்போது ஒரு வரி சொல்லுங்கள்: “பாதியிலயே நிறுத்தின, பாத்தேன்.” அவன் சொல்லாமல் விட்டது வேறு யார் கண்ணுக்கும் தெரியாது, நீங்கள் சொன்னால்தான் உண்டு. அதோடு, என்ன சொல்ல வந்தான் என்றும் கேளுங்கள். இவள் கேட்டாள். சாம்பாரை அவள் சட்டையில் சிந்திக்கொண்டதைச் சொல்ல வந்தானாம்.

10. திரும்பத் திரும்ப நடந்தால்

ஒருமுறை தவறினால் “அப்புறம்” போதும். மறுபடி நடந்தால் நேரில், தனியாக, அதே கோரிக்கையை அதே வார்த்தையில் சொல்லுங்கள். மூன்றாவது முறைக்கு இன்னொரு செய்தி எழுத வேண்டாம். முதல் செய்தி புரியாமல் போயிருந்தால்தான் இரண்டாவது செய்திக்கு வேலை. சரி என்று சொன்னவனுக்குப் புரிந்துதான் இருக்கிறது.

அப்போது செய்ய வேண்டியது எழுந்து வருவது. “நான் கிளம்பறேன், நீங்க சாப்பிடுங்க” என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு வரலாம். அழுகையோ விளக்கமோ வேண்டாம். அங்கே விளக்கினால் மேஜை முழுக்க நியாயம் பேச ஆரம்பிக்கும்.

விடுதியில் இன்னொரு பெண்ணின் செய்தியை அவள் காதலன் அதே நண்பர்களிடம் குரல் மாற்றிப் படித்துக் காட்டினான், அவள் அங்கே இருக்கும்போதே. அவள் எழுந்து வரத்தான் நினைத்தாள். ஆனால் வந்தது அவன் வண்டியில், கைப்பையில் இருந்தது இருபது ரூபாய். இன்னும் ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து அவர்களோடு சிரித்துவிட்டு, அவன் பின்னாலேயே உட்கார்ந்து திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு இந்தச் செய்தியை என்னிடம் காட்டியவர்களிடம் எல்லாம் இரண்டு விஷயம் சேர்த்தே சொன்னேன்: ஆட்டோவுக்குக் காசைத் தனியாக மடித்து வை, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டுப் போ.